ஆறு நிபந்தனை, ஒரு தேதி: மேம்பாட்டுச் செலவைத் தணிக்கை செய்வது எப்படி?

ஆர்ட்டிகிள்ஷிப்பின் இரண்டாம் ஆண்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஃபைல் உங்கள் மேசைக்கு வருகிறது. இருப்புநிலைக் குறிப்பில் ‘உருவாக்கத்தில் உள்ள அருவச் சொத்து’ என்று ஒரு வரி. சென்ற ஆண்டு அங்கே ஒன்றுமில்லை. இந்த ஆண்டு 4.20 கோடி ரூபாய். கூடவே 300 பக்க லெட்ஜர். பெரும்பாலானவர்கள் உடனே வவுச்சர்களைப் புரட்டத் தொடங்குவார்கள். சம்பளப் பட்டியல் சரி, பில் சரி, தொகை சரி என்று டிக் அடித்து முடித்தும் விடுவார்கள்.

இங்கே பணம் செலவானதா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தச் செலவு சொத்தா, லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டியதா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை ஒரு தேதியில் இருக்கிறது. அந்தத் தேதியைக் கண்டுபிடிப்பதே உங்கள் முதல் வேலை.

ஏன் ஒரு தேதி?

இந்த் ஏஎஸ் 38 சொந்தமாக உருவாக்கும் அருவச் சொத்தை இரண்டு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஆய்வுக் கட்டத்தில் ஆகும் செலவு முழுவதும் அந்த ஆண்டின் செலவு. மேம்பாட்டுக் கட்டத்திலும் ஆறு நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேற வேண்டும். ஐந்து நிறைவேறி ஒன்று பாக்கியிருந்தால்கூடச் சொத்து கிடையாது. ஆறாவது நிபந்தனை நிறைவேறிய நாளிலிருந்து ஆகும் செலவைத்தான் சொத்தில் சேர்க்கலாம். அதற்கு முன் செலவாக எழுதியதை, திட்டம் பின்னால் வெற்றி பெற்றாலும் திரும்ப எடுத்துச் சொத்தாக்க முடியாது. எது ஆய்வு, எது மேம்பாடு என்று நிறுவனத்தால் பிரிக்க முடியவில்லை என்றால் எல்லாமே ஆய்வுச் செலவுதான்.

ஆகவே ஆறு நிபந்தனைகளுக்கும் தனித்தனியாகத் தேதி கண்டுபிடியுங்கள். அவற்றில் கடைசித் தேதி எதுவோ, அதுவே தொடக்க நாள். இந்த் ஏஎஸ் பொருந்தாத சிறு நிறுவனங்களுக்கான ஏஎஸ் 26-லும் இதே ஆறு நிபந்தனைகள்தான்.

ஒரு ஃபைலைத் திறந்து பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையையும் சரக்கு இருப்பையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருளை அது உருவாக்குகிறது. மொத்தத் திட்டச் செலவு 6 கோடி. 2024 ஏப்ரல் 1 முதல் ஆன செலவு முழுவதையும் சொத்தாகக் காட்டியிருக்கிறது. ஏன் ஏப்ரல் 1 என்று கேட்டால் கணக்குப் பிரிவு சொல்லும் பதில், ‘அன்றைக்குத்தான் வேலையை ஆரம்பித்தோம்’ என்பது. வேலை ஆரம்பிப்பது ஆறு நிபந்தனைகளில் எதுவுமில்லை. இந்தப் பதிலே உங்களுக்கு முதல் எச்சரிக்கை.

ஒரு தாளில் ஆறு வரிகள் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆதாரம், அதன் தேதி, அதை எழுதியவர் யார் என்று குறியுங்கள். இந்த ஃபைலில் அது இப்படி வருகிறது:

1. தொழில்நுட்ப ரீதியில் முடிக்க முடியும் என்பது உறுதியானது: ஆகஸ்ட் 19. சென்சார் தகவல் பாதியிலேயே அறுந்துபோகும் சிக்கல் மே மாதம் ஜிராவில் பதிவாகி, அன்றுதான் தீர்ந்தது.
2. முடித்து விற்கும் எண்ணம்: செப்டம்பர் 20. இயக்குநர் குழுத் தீர்மானம்.
3. விற்கும் திறன்: செப்டம்பர் 2. வெளி ஒப்பந்த நிரல் எழுத்தாளர்கள் பதிப்புரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த நாள்.
4. பலன் வரும் என்பதற்கான ஆதாரம்: ஆகஸ்ட் 28. மூன்று கிடங்குகளின் முன்னோட்ட ஆர்டர்கள்.
5. முடிப்பதற்கான பணமும் ஆட்களும்: அக்டோபர் 1. வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம்.
6. செலவை நம்பகமாக அளக்கும் வசதி: ஜூலை 1. டைம்ஷீட்டில் திட்டத்துக்குத் தனிக் குறியீடு திறந்த நாள்.

கடைசித் தேதி அக்டோபர் 1. நிறுவனம் சொன்னதற்கும் இதற்கும் ஆறு மாத இடைவெளி.

தேதியை யாரிடம் கேட்பது?

முதல் நிபந்தனைக்குக் கணக்குப் பிரிவை நம்பி உட்கார வேண்டாம். தொழில்நுட்பத் தலைவரிடம் நேரில் பேசுங்கள். ‘இது சாத்தியமா?’ என்று கேட்டால் ‘ஆமாம் சார்’ என்றுதான் பதில் வரும். மாற்றிக் கேளுங்கள்: ‘இது முடியாமலே போய்விடுமோ என்று உங்களைப் பயமுறுத்திய சிக்கல் எது? அது என்றைக்குத் தீர்ந்தது?’ வேலை செய்தவருக்கு அந்த நாள் மறக்காது. அவர் சொல்லும் கதையை ஜிராப் பதிவோடும் கிட் களஞ்சியத்தின் வரலாற்றோடும் பொருத்திப் பாருங்கள். இந்த ஃபைலில் ஆகஸ்ட் 19 கிடைத்தது அப்படித்தான்.

நிறுவனமே ஒரு ‘சாத்தியக்கூறு அறிக்கை’யும் கொடுத்தது. அதில் ஏப்ரல் 2 என்று தேதி. ஆனால் கோப்பின் பண்புகளைத் திறந்தால், உருவாக்கிய நாள் 2025 மார்ச் 22 என்று இருக்கிறது. கோப்பை நகலெடுத்தாலும் இப்படித் தேதி மாறும் என்பதால் அதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டக் கூடாது. அந்த அறிக்கையை அனுப்பிய மின்னஞ்சலைக் கேளுங்கள். ஏப்ரலில் யாருக்கும் போகவில்லை, மார்ச்சில்தான் முதன்முதலாகப் போனது என்றால் அது தணிக்கைக்காக எழுதிய தாள். இதை உடனே உங்கள் சீனியரிடம் கொண்டுபோங்கள். முன்தேதியிட்ட ஆவணம் மோசடி அபாயத்தைப் பற்றியது. அதை எப்படிக் கையாள்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் பார்ட்னர்.

மூன்றாவது நிபந்தனை பலர் கண்ணில் படுவதே இல்லை. ஊழியர் வேலையின் பகுதியாக எழுதும் நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமை நிறுவனத்துக்கே. வெளி ஒப்பந்தக்காரர் எழுதினால் பொதுவாக அவரே உரிமையாளர். அவர் எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் நிறுவனத்துக்கு வரும். உரிமை கைக்கு வராத பொருளை விற்க முடியும் என்று எப்படிச் சொல்வது?

ஐந்தாவதில்தான் வாக்குவாதம் வரும். ‘வங்கி தரும் என்று எங்களுக்குத் தெரியும்’ என்பார்கள். முழுக் கடனும் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை. திட்டத்துக்குக் கடன் தரத் தயார் என்று வங்கி காட்டிய அறிகுறியே ஆதாரமாகலாம். ஆகவே நியாயமாகத் தேடுங்கள். செப்டம்பரிலேயே வங்கி சம்மதம் தெரிவித்த மின்னஞ்சல் ஒன்று இருந்தால் ஐந்தாவதின் தேதி அதுவரை முன்னால் நகரும். இந்த ஃபைலில் அக்டோபர் 1-க்கு முன் நடந்தது வெறும் பேச்சுவார்த்தை. நிறுவனத்தின் கையில் இருந்ததோ 2 கோடி. தேவை 6 கோடி.

கணிப்பு பெரிதென்றால் நிபந்தனை தோற்றதாகுமா?

நான்காவது நிபந்தனையில் இளையவர்கள் எதிர்த்திசையில் தவறுவதும் உண்டு. மூன்று ஆண்டில் 60 வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்கிறது நிறுவனம். அதன் பழைய மென்பொருளுக்கு முதல் மூன்று ஆண்டில் கிடைத்தவர்கள் 18 பேர். கணிப்பு ஊதிப் பெருக்கியது என்று தெரிகிறது. அதற்காக உடனே நிராகரிக்க வேண்டாம். செலவு திரும்பி வர எத்தனை பேர் போதும் என்று கணக்கிடுங்கள். இங்கே 14 பேர் போதும் என்று வருகிறது. பழைய அனுபவத்தை வைத்துப் பார்த்தாலும் அது எட்டக்கூடியது; ஆகவே நிபந்தனை நிறைவேறுகிறது. ஆனால் 60 என்ற கணிப்பை மறக்காதீர்கள், இம்பேர்மென்ட் சோதனையில் அது மறுபடி வரும்.

இப்போது தொகைக்கு வாருங்கள்

4.20 கோடியின் பிரிவு இது: சம்பளம் 300 லட்சம், கிளவுட் சர்வரும் வெளி நிபுணர்களும் 60 லட்சம், அலுவலக வாடகையிலும் நிர்வாகத்திலும் பங்கு 36 லட்சம், பயிற்சியும் அறிமுக விளம்பரமும் 24 லட்சம்.

முதலில் தேதிக்கு முந்தியதைக் கழியுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளம் 130 லட்சம், சர்வரும் நிபுணர்களும் 20 லட்சம். ஆக 150 லட்சம் செலவுக் கணக்குக்குப் போகிறது.

அடுத்து, சேரவே கூடாதவை. திட்டத்தோடு நேரடியாகப் பிணைக்க முடியாத பொது நிர்வாகச் செலவு, விற்பனைச் செலவு, ஊழியர் பயிற்சி ஆகியவை எந்தத் தேதியிலும் சொத்தாகாது. 36-ம் 24-ம் சேர்ந்து இன்னொரு 60 லட்சம் வெளியே போகிறது.

மீதி 210 லட்சம். இதில் அக்டோபருக்குப் பிந்திய சம்பளம் 170 லட்சம். அதை டைம்ஷீட் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதத்து டைம்ஷீட்டில் ஒவ்வொருவரும் தினமும் சரியாக எட்டு மணி நேரம், எல்லாமே புதிய திட்டம் என்று இருந்தால் நம்பாதீர்கள். உண்மையாக எழுதிய டைம்ஷீட்டில் மேடுபள்ளம் இருக்கும். அதே ஆட்கள் அதே வாரத்தில் ஜிராவில் மூடிய வேலைகளை அருகில் வையுங்கள். நான்கு பொறியாளர்கள் பழைய மென்பொருளின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தது தெரியவருகிறது. இது தற்செயல் பிழை போலத் தெரியவில்லை; ஒரே குழுவில், ஒரே மாதிரி நடந்திருக்கிறது. ஆகவே மாதிரியைப் பெருக்கிக் கணிக்காமல் அந்தக் குழுவின் ஆறு மாதத்தையும் முழுதாகப் பாருங்கள். 30 லட்சம் வெளியே வருகிறது.

நிற்பது 180 லட்சம். 4.20 கோடி 1.80 கோடியாகிறது, 2.40 கோடி செலவுக்குப் போகிறது. வரிக்கு முந்திய லாபமாக நிறுவனம் 5 கோடி காட்டியிருந்தால் அது 2.60 கோடியாக இறங்கும். வவுச்சர் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதையும் கவனியுங்கள்.

எழுதி முடிக்கும் முன்

மிஞ்சிய 180 லட்சத்துக்கும் இரண்டு சோதனைகள் பாக்கி. பயன்பாட்டுக்குத் தயாராகாத அருவச் சொத்துக்கு, பாதிப்பின் அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் இம்பேர்மென்ட் சோதனை செய்தாக வேண்டும் என்கிறது இந்த் ஏஎஸ் 36. அதாவது, போட்ட பணம் திரும்பி வருமா என்று நிறுவனம் கணக்கிட வேண்டும். 60 வாடிக்கையாளர் என்ற கணிப்பை அங்கே 18 ஆக மாற்றிப் போட்டு, சொத்து இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, அட்டவணை 3 கேட்கும் வயதுப் பட்டியல். 2021 ஏப்ரல் முதல், உருவாக்கத்தில் உள்ள அருவச் சொத்தை ஓராண்டுக்குள், 1–2, 2–3, 3 ஆண்டுக்கு மேல் என்று பிரித்துக் காட்ட வேண்டும். கெடு தாண்டிய, பட்ஜெட்டை மீறிய திட்டங்களுக்குத் தனி விவரம் உண்டு. வரும் ஆண்டுகளில் ஏதாவது ஒரு திட்டம் மூன்றாண்டுக் கட்டத்தில் போய் உட்கார்ந்தால் முதல் இரண்டு நிபந்தனைகளை மறுபடி கேளுங்கள்: முடிக்க முடியுமா, முடிக்கும் எண்ணம் இன்னும் இருக்கிறதா?

நிர்வாகம் ‘நாங்கள் எழுத்துபூர்வமாக உறுதி தருகிறோம்’ என்று சொல்லலாம். வாங்கிக்கொள்ளுங்கள், எண்ணத்தைப் பற்றிய நிபந்தனைக்கு அது துணை நிற்கும். ஆனால் மற்ற ஆதாரத்துக்கு அது ஈடாகாது. 2.40 கோடியைத் திருத்த மறுத்து, அந்தத் தொகை முக்கியத்துவ வரம்பையும் தாண்டினால், தணிக்கை அறிக்கையின் கருத்தையே மாற்ற வேண்டிவரும். அந்த முடிவு பார்ட்னருடையது. அதை எடுக்க அவர் முதலில் கேட்கப்போவது நீங்கள் எழுதிய அந்த ஆறு வரித் தாளை. அக்டோபர் 1 என்ற தேதிக்கு எதிரே வங்கிக் கடிதத்தின் நகல் இருக்கட்டும்.