நிற்கிற காருக்கு எத்தனை ஆம்ப் வேணும்?

சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. ரெண்டு மாசம் கடலில், ஒரு மாசம் வீட்டில். அவர் இல்லாதப்போ திருச்சி வீட்டு போர்டிகோவில் கார் அப்படியே நிற்கும், சித்திக்கு ஓட்டத் தெரியாது. போன வருஷம் அவர் வந்து சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து எடுத்தோம். அடுத்த லீவிலும் அதே கதை. மூணாவது தடவை ஜம்ப் கொடுத்து அரை நாள் ஓட்டியும் மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி வாங்கி 14 மாசம்தான் ஆகியிருந்தது.

"ட்ரிபிள் ஈ படிக்கிறியே, வண்டி சும்மாதானடா நின்னுது, சார்ஜ் எங்க போச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

புது பேட்டரி மாட்டினதும் அளந்து பார்த்தேன். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அந்த ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரைத் தொடராக வைக்கணும். ஆரம்பத்தில் 10 ஆம்ப் சாக்கெட்டில்தான் வைக்கணும். கதவுகளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கணும், ஏன்னா வண்டியில் உள்ள கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக நேரம் எடுத்துக்கும். மீட்டர் மாட்டியிருக்கும்போது யாராவது ஸ்டார்ட் பண்ணினால் மீட்டரின் ஃபியூஸ் போயிடும். (எனக்கு ஒண்ணு போச்சு.) கடைசியில் நின்ற எண் 25 மில்லிஆம்ப். அலாரம், கடிகாரம், சென்ட்ரல் லாக் ரிசீவர் எல்லாம் சேர்ந்து குடிக்கிறது அவ்வளவுதான். பழுது ஒண்ணும் இல்லை, நல்ல வண்டியிலேயே இது சாதாரணம்.

ஆனால் கணக்குப் போட்டால் பயமா இருக்கும்:

```
0.025 × 24 = 0.6    (ஒரு நாளைக்கு ஆம்பியர்-அவர்)
17.5 ÷ 0.6 ≈ 29     (நாட்கள்)
```

அந்த 17.5 என்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி. அதாவது முழுசா சார்ஜ் ஆன பேட்டரி ஒரு மாசத்தில் பாதி காலி. இதோடு பேட்டரி தனக்குள்ளேயே இழக்கிறதும் சேரும், நம்ம ஊர் வெயிலில் அது இன்னும் வேகமா நடக்கும். சித்தப்பா கப்பலில் இருப்பது 60 நாள். ஸ்டார்ட் ஆகாததை விட மோசமான விஷயம் உள்ளே நடக்குது. சார்ஜ் இறங்கும்போது தட்டுகளில் உருவாகிற லெட் சல்பேட், உடனே திருப்பி சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் பெரிய படிகமா இறுகி, அப்புறம் முழுசா கரையாது. அந்த அளவுக்கு கொள்ளளவு நிரந்தரமா போச்சு. பழைய பேட்டரியை ஜம்ப் கொடுத்து எடுத்தும் காப்பாற்ற முடியாததுக்குக் காரணம் இதுதான்னு நினைக்கிறேன்.

"வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஆன் பண்ணி விடச் சொல்லு" என்றார் சித்தப்பா. எல்லா வீட்டிலும் சொல்ற வைத்தியம். ஒரு வாரத்தில் போனது 4.2 ஆம்பியர்-அவர். ஐடிலில் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு 10 ஆம்ப் தருதுன்னே வைங்க, அஞ்சு நிமிஷத்துக்கு அது 0.8 தான். அதிலும் ஸ்டார்ட்டர் எடுத்தது கழியும். பாக்கி வாராவாரம் சேர்ந்துகிட்டே போகும்.

அதனால் சார்ஜர் வாங்கப் போனோம். கடையில் 1 ஆம்ப், 4 ஆம்ப், 10 ஆம்ப் மூணும் இருந்தது. சித்தப்பா கை நேரா 10க்குப் போச்சு. பெரிசா இருந்தா நல்லதுதானே என்பது அவர் லாஜிக். இங்கே ரெண்டு வேலைகளைப் பிரிச்சுப் பார்க்கணும். இறங்கின பேட்டரியை ஏற்றுவது ஒண்ணு, ஏறின பேட்டரியை அப்படியே பிடிச்சு வைப்பது இன்னொண்ணு. நமக்கு வேண்டியது ரெண்டாவது. அதுக்கு 25 மில்லிஆம்ப் கசிவையும் உள் இழப்பையும் ஈடுகட்டினால் போதும். 1 ஆம்ப் என்பதே கசிவைப் போல 40 மடங்கு. பெரிய டீசல் எஸ்யூவியில் 80 ஆம்பியர்-அவர் பேட்டரி இருந்தாலும், பிடிச்சு வைக்க இதே 1 ஆம்ப் போதும்.

பேட்டரி பாதியாக இறங்கியிருந்தால்தான் ஆம்ப் கணக்கு மாறும். 17.5 ஆம்பியர்-அவரை 1 ஆம்பில் ஏற்ற, இழப்பையும் சேர்த்து ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடைசிப் பகுதி மெதுவாத்தான் ஏறும். 4 ஆம்பில் ஒரு ராத்திரியில் பெரும்பாலும் முடியும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பாதுகாப்பான வழக்கம், 35க்கு 3.5, எனவே 4 ஓகே. 10 ஆம்ப் இந்தச் சின்ன பேட்டரிக்கு அவசரம், சூடாகும்.

நாங்க 1 ஆம்ப் வாங்கினோம். ஆனால் அட்டைப் பெட்டியில் நான் முதலில் தேடினது ஆம்பை இல்லை, 'ஃப்ளோட்' அல்லது 'மெயின்டெனன்ஸ்' என்ற வார்த்தையை. பழைய மாடல் ட்ரிக்கிள் சார்ஜர் வெறும் டிரான்ஸ்ஃபார்மரும் டையோடும்தான். பேட்டரி நிரம்பினாலும் நிறுத்தத் தெரியாது. வோல்டேஜ் 15ஐத் தாண்டி ஏறும், உள்ளே இருக்கிற தண்ணி ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா பிரிஞ்சு போகும். கரண்ட் சின்னதுதானேன்னு ரெண்டு மாசம் விட்டால் பேட்டரி வறண்டு போகும். பேட்டரி மேல் கையை வைத்தால் சூடு, பக்கத்தில் புளிச்ச வாடை: இது ரெண்டும் தெரிஞ்சா சுவிட்சை அணைக்கணும். ஃப்ளோட் உள்ள சார்ஜர் நிரம்பினதும் 13.2இலிருந்து 13.6 வோல்டுக்குள் இறங்கி நின்னுக்கும், பேட்டரி தனக்கு வேண்டிய மில்லிஆம்பை மட்டும் எடுத்துக்கும்.

மாட்டுற வரிசை முக்கியம். சிவப்பு கிளிப் பாசிட்டிவில், கருப்பு கிளிப் பேட்டரியை விட்டுத் தள்ளி எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில், அதுக்கப்புறம்தான் சுவரில் பிளக். கழற்றும்போது பிளக் முதலில். கடைசி இணைப்பில் பொறி வந்தாலும் அது பேட்டரியின் வாயுவுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, அதுதான் விஷயம்.

எங்களுக்கு வந்த சிக்கல் கரண்ட் கட். முதல் மாசம் நான் ஹாஸ்டலிலிருந்து போய்ப் பார்த்தப்போ பச்சை விளக்கு இல்லை. கரண்ட் போய் வந்ததும் எங்க சார்ஜர் ஸ்டேண்ட்பையில் நின்னுடுச்சு, பட்டனை அமுக்கினால்தான் மறுபடி தொடங்கும். எத்தனை நாளா அப்படி இருந்ததுன்னு சித்திக்கும் தெரியலை. அதுக்கப்புறம் "விளக்கு பச்சையா இருக்கா சித்தி?"ன்னு ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பது வழக்கமாச்சு. வாங்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் தானா தொடங்குதான்னு பார்த்துடுங்க. இன்னொண்ணு, பல ஸ்மார்ட் சார்ஜர்கள் ரொம்ப இறங்கிப்போன பேட்டரியை பேட்டரின்னே ஒத்துக்காது, சார்ஜ் தொடங்காது. அதனால் இதை வண்டியை நிறுத்துற அன்னைக்கே மாட்டணும்.

ரெண்டு மாசம் கழிச்சு சார்ஜரைக் கழற்றி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் மீட்டர் வைத்தேன். 12.7 வோல்ட். (அப்படி ஓய்வா விட்டு அளந்தால்தான் எண்ணை நம்பலாம். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி.) சித்தப்பா சாவியைத் திருப்பினார், ஒரே உதறலில் எடுத்தது.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் பிளக் பாயின்ட் இல்லாதவங்களுக்கு சார்ஜர் உதவாது. அங்கே 10 நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமா வைத்தாலே கசிவு நின்னுடும், உள் இழப்பு மட்டும்தான் மிஞ்சும். கடிகார நேரமும் ரேடியோ செட்டிங்கும் போகும், சில வண்டிகளில் மியூசிக் சிஸ்டம் கோட் கேட்கும். கோட் எழுதின சீட்டு எங்கேன்னு முதலில் தேடி வச்சுக்கிட்டு அப்புறம் கழற்றுங்க.