மூன்று சொத்து, ஒரு இலக்கு: ரிஸ்க்கைக் குறைக்கும் கணக்கில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1952-இல் ஹாரி மார்கோவிட்ஸ் எழுப்பிய கேள்வியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கையில் உள்ள பணம் முழுவதையும் முதலீடு செய்ய வேண்டும், குறிப்பிட்ட லாபத்தையாவது எதிர்பார்க்க வேண்டும். அப்படியானால் ஏற்ற இறக்கத்தை எந்த அளவுக்குக் குறைக்க முடியும்? ஏற்ற இறக்கத்தின் அளவாக அவர் எடுத்துக்கொண்டது வேரியன்ஸ், அதாவது பரவற்படி. எந்தச் சொத்தில் எவ்வளவு போடுகிறோம் என்ற எடைகளில் வேரியன்ஸ் இருபடிக் கோவையாக வருகிறது. பட்ஜெட்டும் லாப இலக்கும் ஒருபடி நிபந்தனைகளாக வருகின்றன. குவாட்ராடிக் புரோகிராமிங் என்பது இந்த வகைக் கணக்குதான். இன்றைய மென்பொருள் இதை நொடியில் தீர்த்துவிடும். கணக்கை நாம் எழுதித் தரும் இடத்தில்தான் தவறுகள் நுழைகின்றன, விடை வந்த பிறகு அவை கண்ணில் படுவதும் இல்லை.

செய்யுங்கள்: முதலில் மூன்று சொத்தை வைத்துக் கையால் போட்டுப் பாருங்கள்

உதாரணத்துக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். பங்கு ஃபண்டில் எதிர்பார்க்கும் ஆண்டு லாபம் 12%, திட்ட விலக்கம் 20%. தங்கத்தில் 8%, 15%. கடன் பத்திர ஃபண்டில் 7%, 5%. பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் இடையே 0.1 ஒட்டுறவு, தங்கத்துக்கு இரண்டோடும் ஒட்டுறவு இல்லை. சதவீதத்திலேயே கணக்கிட்டால் வேரியன்ஸ்கள் 400, 225, 25 என்று வரும். பங்கு, கடன் பத்திரம் இரண்டின் கோவேரியன்ஸ் 0.1 × 20 × 5 = 10. லாப இலக்கு 9%.

எடைகளை ப, த, க என்று வைத்துக்கொள்வோம். பட்ஜெட் நிபந்தனை: ப + த + க = 1. இலக்கு: 12ப + 8த + 7க = 9. மூன்று மாறிகளுக்கு இரண்டு சமன்பாடுகள் இருப்பதால் ஒரே ஒரு மாறிதான் நம் விருப்பத்துக்கு மிஞ்சுகிறது. த = 2 − 5ப, க = 4ப − 1. எதுவும் எதிர்மறையாகக் கூடாது என்றால் ப-வின் மதிப்பு 0.25-க்கும் 0.40-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். இவற்றை வேரியன்ஸில் போட்டால் மொத்தமும் 6505ப² − 4720ப + 925 என்று சுருங்கும். இதன் அடிப்புள்ளி ப = 4720 ÷ 13010 = 0.3628. ஒரு லட்சம் ரூபாயில் பங்குக்குச் சுமார் 36,280, தங்கத்துக்கு 18,600, கடன் பத்திரத்துக்கு 45,120. வேரியன்ஸ் 68.8, திட்ட விலக்கம் 8.29%.

தங்கமே வேண்டாம் என்று பங்கில் 40%, கடன் பத்திரத்தில் 60% வைத்தாலும் எதிர்பார்க்கும் லாபம் அதே 9%தான். ஆனால் திட்ட விலக்கம் 8.82% ஆகிவிடும். தனியாகப் பார்த்தால் கடன் பத்திரத்தைவிட மூன்று மடங்கு ஆடும் தங்கம், மற்றவற்றோடு சேர்ந்து ஆடாததால் மொத்த ஆட்டத்தைக் குறைத்துவிடுகிறது. இதைக் கையால் ஒருமுறை போட்டவருக்கு, ஐம்பது சொத்துகளுக்கு மென்பொருள் தரும் விடையை எங்கே சந்தேகிக்க வேண்டும் என்பது பிடிபடும்.

இதே கணக்கை R மொழியில் எழுதினால் இவ்வளவுதான்:

```r
library(quadprog)
S  <- matrix(c(400,0,10, 0,225,0, 10,0,25), 3)
mu <- c(12, 8, 7)
A  <- cbind(rep(1,3), mu, diag(3))
solve.QP(S, rep(0,3), A, c(1, 9, 0,0,0), meq = 1)
```

கடைசி வரியில் உள்ள `meq = 1` சின்ன விஷயமாகத் தெரியும். அடுத்த எச்சரிக்கை அதைப் பற்றியதுதான்.

செய்யாதீர்கள்: லாப இலக்கைச் சமன்பாடாக எழுதாதீர்கள்

பாடப் புத்தகங்களில் இலக்கு பெரும்பாலும் சமக்குறியோடு இருக்கும், சூத்திரமும் அதனால் அழகாக வரும். நடைமுறையில் நாம் சொல்ல வருவது "குறைந்தது 9%" என்பது. `meq = 1` என்றால் முதல் நிபந்தனையான பட்ஜெட் மட்டும் சமம். இலக்கு உட்பட மற்றவை "குறையக் கூடாது" என்ற வகை. அதையே 2 என்று மாற்றினால் இலக்கும் சமக்குறிக்குள் போய்விடும்.

இலக்கு 9% என்றால் இரண்டும் ஒரே விடையைத் தரும். இலக்கை 7%க்கு இறக்கிப் பாருங்கள். சரியாக 7% வேண்டும் என்று கேட்டால், எதிர்மறை எடை கூடாது என்ற நிலையில், முழுப் பணமும் கடன் பத்திரத்துக்குப் போவதைத் தவிர வழியில்லை. திட்ட விலக்கம் 5%. குறைந்தது 7% என்று கேட்டால் பங்கில் 3.3%, தங்கத்தில் 9.8%, மீதி கடன் பத்திரத்தில் என்ற விடை வரும். லாபம் 7.27%, திட்ட விலக்கம் 4.70%. லாபம் கூடி, ரிஸ்க்கும் குறைந்திருக்கிறது. இந்த மூன்று சொத்தில் எட்டக்கூடிய மிகக் குறைந்த ரிஸ்க்கும் இந்த 4.70%தான். அதற்குரிய லாபத்துக்குக் கீழே இலக்கு வைத்துச் சமக்குறி போடும் எவரும், தெரியாமலேயே, குறைந்த லாபத்துக்கு அதிக ரிஸ்க்கை வாங்குகிறார்கள்.

செய்யுங்கள்: எதிர்மறை எடைக்குத் தடையை எழுதியே வையுங்கள்

இலக்கை 11%க்கு உயர்த்தி, தடை இல்லாமல் தீர்த்தால் பங்கு 74.25%, தங்கம் 28.75%, கடன் பத்திரம் −3%. கையில் இல்லாத கடன் பத்திரத்தை விற்று, அந்தப் பணத்தையும் மற்ற இரண்டில் போடு என்று பொருள். சாதாரண முதலீட்டாளரால் அது முடியாது. தடையைச் சேர்த்தால் பங்கு 75%, தங்கம் 25%. திட்ட விலக்கம் 15.45%இலிருந்து 15.46% ஆகிறது, அவ்வளவுதான்.

முதலில் தடையில்லாமல் தீர்த்துவிட்டு, எதிர்மறையாக வந்ததைப் பூஜ்யமாக்கி, மீதியை விகிதப்படி சுருக்குவது பலரின் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். அப்படிச் சுருக்கிய பிறகு லாபம் இலக்கைத் தொடுகிறதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வேரியன்ஸ் குறைந்தபட்சமா என்பதற்கும் இல்லை. தடையோடு சேர்த்தே தீர்ப்பதற்குத்தான் குவாட்ராடிக் புரோகிராமிங் இருக்கிறது. ரவி ஜெகந்நாதனும் டோங்ஷு மாவும் 2003-இல் காட்டியது இன்னும் ஒரு படி மேலே போகிறது: இந்தத் தடை கோட்பாட்டளவில் தேவையற்றதாக இருந்தாலும், மதிப்பீட்டுப் பிழையின் பாதிப்பை அது மட்டுப்படுத்தும்.

செய்யாதீர்கள்: கடந்த கால சராசரி லாபத்தை அப்படியே இலக்கு நிபந்தனைக்குள் போடாதீர்கள்

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஆண்டுக்கு 20% திட்ட விலக்கம் உள்ள பங்கு ஃபண்டின் பத்து ஆண்டு விவரம் நம்மிடம் இருக்கிறது. சராசரியின் திட்டப் பிழை 20 ÷ √10, அதாவது 6.3 சதவீதப் புள்ளி. கணக்கில் 12 என்று வந்த சராசரியின் உண்மை மதிப்பு 6 ஆகவும் இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். தினசரி விலைகளை எடுத்தாலும் இது மாறாது. விலைகளை அடிக்கடி எடுப்பது வேரியன்ஸின் மதிப்பீட்டைக் கூர்மையாக்கும். சராசரியைத் தீர்மானிப்பது தொடக்க விலை, இறுதி விலை, இடையில் கடந்த ஆண்டுகள் மட்டுமே.

இப்போது பங்கின் லாபத்தை 12-இலிருந்து 11 ஆக மாற்றி, 9% இலக்கோடு மறுபடி தீர்ப்போம். 6.3 புள்ளி பிழைக்கு முன்னால் ஒரு புள்ளி ஒன்றுமே இல்லை. ஆனால் பங்கின் எடை 36-இலிருந்து 44 ஆகிறது, தங்கம் 19-இலிருந்து 24 ஆகிறது, கடன் பத்திரம் 45-இலிருந்து 32க்கு விழுகிறது, திட்ட விலக்கம் 9.79% ஆகிறது. பங்கின் மீதான எதிர்பார்ப்பு குறைந்ததும் பங்கையே அதிகம் வாங்கச் சொல்கிறது கணக்கு! இலக்கு அசையாமல் நிற்பதால், அதை எட்டக் கூடுதல் பங்கு தேவைப்படுகிறது.

சொத்துகள் கூடும்போது இது இன்னும் மோசமாகும். ஐம்பது பங்குகளில் எதன் சராசரி தற்செயலாக மிகையாக மதிப்பிடப்பட்டதோ, அதையே கணக்கு தேடிப் பிடித்து எடையை ஏற்றும். ரிச்சர்ட் மிஷோ 1989-இல் இம்முறையைப் பிழைகளைப் பெரிதாக்கும் கருவி என்று கடிந்தது இதனால்தான். 1993-இல் விஜய் சோப்ராவும் வில்லியம் சியம்பாவும் அளந்தபோது, சராசரியில் வரும் பிழை வேரியன்ஸில் வரும் பிழையைவிடச் சுமார் பத்து மடங்கு கெடுதல் செய்வதைக் கண்டார்கள்.

ஆகவே சராசரிகளை எல்லாச் சொத்துக்கும் பொதுவான ஒரு மதிப்பை நோக்கிச் சுருக்குங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு புள்ளி மேலும் கீழும் அசைத்து மறுபடி தீர்த்துப் பாருங்கள். எந்த எடை நிலையாக நிற்கிறது, எது துள்ளுகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். துள்ளும் எடைகளுக்கு மேல் வரம்பு வையுங்கள்.

செய்யாதீர்கள்: மாதங்களைவிடப் பங்குகள் அதிகமாக இருக்கும்போது கோவேரியன்ஸை நேரே கணக்கிடாதீர்கள்

50 பங்குகள், மூன்று ஆண்டின் மாத விவரம் என்றால் 36 வரிசைகள். அதைக் கொண்டு மதிப்பிட வேண்டியவை 1,275 எண்கள். இந்த அணியின் தரம் 35-ஐத் தாண்டாது. வேரியன்ஸே இல்லாதவை போலத் தோன்றும் போலிச் சேர்க்கைகள் உருவாகும், கணக்கு அவற்றை நோக்கியே ஓடும். `solve.QP` இந்த இடத்தில் "matrix D in quadratic function is not positive definite!" என்று நின்றுவிடும். அந்தச் செய்தியை மூலைவிட்டத்தில் ஒரு துளி எண்ணைச் சேர்த்து வாயடைக்க வேண்டாம். லெடுவா, வுல்ஃப் இருவரும் தந்த சுருக்கு மதிப்பீட்டைப் பயன்படுத்துங்கள், அல்லது பங்குகளைத் துறைவாரியாகத் தொகுத்து எண்ணிக்கையைக் குறையுங்கள்.

செய்யுங்கள்: அலகையும் அந்த ½-ஐயும் சரிபாருங்கள்

மாதக் கோவேரியன்ஸையும் ஆண்டு லாபத்தையும் கலந்துவிட்டால் எடைகள் சரியாகவே வரும். அணி முழுவதையும் ஒரே எண்ணால் வகுத்தால் அடிப்புள்ளி நகராது என்பதால் தவறு ஒளிந்துகொள்கிறது. கெடுவது திட்ட விலக்கம் மட்டும்: 8.29%க்குப் பதில் √12-ஆல் வகுபட்ட 2.39%. எட்டக்கூடிய மிகக் குறைந்த ரிஸ்க்கே 4.70% என்பது தெரிந்தவருக்கு உடனே பொறி தட்டும். அதேபோல் `solve.QP` குறைப்பது வேரியன்ஸின் பாதியை. அது `$value` என்று காட்டும் 34.4-ஐ இரட்டித்த பிறகே வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

செய்யுங்கள்: இலக்கை முடிவு செய்யுமுன் அதன் விலையைப் படியுங்கள்

விடையோடு `$Lagrangian` என்ற வரிசையும் வரும். அதில் இலக்குக்கு உரிய எண் சுமார் 27. பாதியின் கணக்கு என்பதால் இரட்டித்தால் 54: இலக்கை ஒரு புள்ளி உயர்த்தும் வேகத்தில் வேரியன்ஸ் 54 ஏறுகிறது. இலக்கை 9-இலிருந்து 9.1 ஆக்கினால் திட்ட விலக்கம் 8.29-இலிருந்து 8.62 ஆகும். பத்தில் ஒரு பங்கு லாபப் புள்ளிக்கு மூன்றில் ஒரு பங்கு ரிஸ்க் புள்ளி. 9% என்பது பெரும்பாலும் யாரோ சொன்ன முழு எண்தான். 8, 8.5, 9, 9.5, 10 என்று ஐந்து இலக்குகளுக்கும் தீர்த்து, எடைகளோடு இந்த விலையையும் ஒரே தாளில் எழுதி, பணத்துக்கு உரியவரிடம் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.