சோற்றோடு சேர வேண்டிய மாத்திரை: கணையச் சுரப்புக் குறைவு பற்றிச் சில விளக்கங்கள்



மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் 'நாள்பட்ட கணைய அழற்சி' என்ற பெயரைப் பார்த்தவுடன், "குடிப்பழக்கம் இருக்குமோ?" என்று சிலர் முணுமுணுப்பது உண்டு. மது இந்நோய்க்கு ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவர்களுக்கும், சிறு வயதிலேயே, நம் தென்னிந்தியாவில் இந்நோய் வருகிறது. 1959-இல் இந்தோனேசியாவில் சூய்டமா என்பவர் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கானோரிடம் இதைக் கண்டு பதிவு செய்தார். சென்னையில் டாக்டர் வி. மோகன் போன்றோர் இதனால் வரும் சர்க்கரை நோயை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது, அது நிலைக்கவில்லை. பலரிடம் பிறவியிலேயே அமைந்த மரபணு மாற்றம் காணப்படுகிறது. ஆகவே நோயாளியைச் சந்தேகிப்பதும், அதற்கு அஞ்சி அவர் நோயை மறைப்பதும் இரண்டுமே வேண்டாதவை.

இந்நோயில் கணையத்துக்குள் கல் சேர்ந்து, அது மெல்ல மெல்லச் சுருங்குகிறது. கணையத்துக்கு இரண்டு வேலைகள். இன்சுலின் சுரப்பது ஒன்று. சோற்றையும் கறியையும் எண்ணெயையும் செரிக்கும் நொதிகளைக் குடலுக்கு அனுப்புவது மற்றொன்று. கொழுப்பைச் செரிக்கும் நொதிக்கு லிப்பேஸ் என்று பெயர். கணையத்தின் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அழியும் வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அதன் பிறகு உண்ட கொழுப்பு அப்படியே வெளியேறும். மலம் வெளிர் மஞ்சளாக, அளவில் அதிகமாக, கடும் நாற்றத்துடன் இருக்கும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டிருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டும் எடை குறையும். கொழுப்போடு சேர்ந்து ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போய்விடுவதால் எலும்பு வலியும், சிலருக்கு மாலைக் கண்ணும் வரும்.

இதை உறுதி செய்ய மலத்தில் 'எலாஸ்டேஸ்' அளவைப் பார்க்கிறார்கள். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைவு என்று கருதுவர். மிகவும் தண்ணீராகப் போகும்போது கொடுத்த மாதிரியில் அளவு பொய்யாகக் குறைந்து காட்டலாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இச்சோதனைக்காக அதை நிறுத்தத் தேவையில்லை.

இனி மாத்திரைக்கு வருவோம். இது வலி மாத்திரை போல உடம்பில் ஏறி வேலை செய்வதல்ல. சோற்றோடு கலந்து, சோற்றுக்குள்ளேயே வேலை செய்வது. காப்ஸ்யூலுக்குள் இருக்கும் நுண்மணிகளுக்கு அமிலம் தாங்கும் பூச்சு உண்டு. வயிற்றைக் கடந்து, அமிலம் குறைந்த சிறுகுடலுக்குப் போன பிறகே அது கரையும். சோறு முன்னே போய்விட்டு மாத்திரை பின்னே வந்தாலும், மாத்திரை முன்னே போய்விட்டுச் சோறு பின்னே வந்தாலும் பயன் இல்லை. மருந்துச் சீட்டில் எல்லா மாத்திரைக்கும் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று பழகிவிட்டதால் இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் மற்றொன்று என்பதே முறை.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். எடை 45 கிலோ உள்ள ஒருவருக்கு மருத்துவர் 25000 என்று அச்சிட்ட காப்ஸ்யூல் எழுதித் தருகிறார். அந்த எண் லிப்பேஸின் அளவு. காலை நாஷ்டாவுக்கு இட்லி, சட்னி என்றால் ஒன்று. பதினொரு மணிக்கு டீயோடு சமோசா தின்றால் அதற்கும் ஒன்று; எண்ணெயில் பொரித்ததை 'சும்மா கொறிப்பது' என்று கணக்கில் விட்டுவிடுகிறோம். மதியம் சோறும் கறிக்குழம்பும் என்றால் இரண்டு. இரவு பரோட்டாவுக்கு இரண்டு. ஆக ஆறு காப்ஸ்யூல், 1,50,000 அலகு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10,000 அலகுக்கு மேல் போகக் கூடாது என்பது எல்லை. இவருக்கு அது 4,50,000. ஆகவே கூட்டுவதற்கு இன்னும் இடம் இருக்கிறது. வலீமா பிரியாணிக்கு மூன்று எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம். சுலைமானிக்கும் பழத்துக்கும் தேவையில்லை. மாத்திரைக்குப் பயந்து எண்ணெயையே ஒதுக்கினால் எடை ஏறாது. கொழுப்புக்கேற்ப மாத்திரை என்பதே இன்றைய முறை.

மணிகளை மெல்லக் கூடாது. முழுங்க முடியாத முதியவருக்குக் காப்ஸ்யூலைத் திறந்து, மசித்த ஆப்பிள் போல லேசாகப் புளிப்புள்ள, ஆறிய உணவில் தூவி உடனே விழுங்கச் செய்யலாம். சூடான டீயிலோ பாலிலோ கலக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் அலமாரி உச்சியில் வைத்தால் நம் மே மாத வெயிலில் மருந்தின் வீரியம் குறைந்துவிடும். வீட்டின் குளிர்ந்த மூலையில், டப்பாவில் எழுதியுள்ள வெப்பத்துக்குக் கீழ் வைக்க வேண்டும்.

இரண்டு மூன்று வாரத்தில் எண்ணெய்ப் படலம் குறைய வேண்டும். எடை மெல்ல ஏற வேண்டும். வாரம் ஒரு நாள், ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மாற்றம் இல்லையென்றால் முதலில் நேரத்தையும் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். அவை சரியென்றால் மருத்துவர் அளவைக் கூட்டுவார், அல்லது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்ப்பார். பழுதான கணையத்திலிருந்து காரநீரும் குறைவாகவே வருவதால் சிறுகுடலிலும் அமிலம் மிஞ்சி, மணிகளின் பூச்சு கரையாமலே போவதுண்டு. அதற்கும் கேட்கவில்லையென்றால் குடலில் கிருமி பெருகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் உணவு உடலில் சேர்வதால் சர்க்கரை கூடலாம். இன்சுலின் போடுபவர்கள் முதல் வாரங்களில் அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்குச் சர்க்கரை திடீரென மிகவும் தாழ்வதும் எளிது. எனவே மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். வைக்க அனுமதி பெற்றவர்கள் இஃப்தாரின் வடை, சமோசாவுக்கு ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு முறை, சஹருக்கு ஒரு முறை என உணவோடு பிரித்துக்கொள்ளலாம்.

இனி, பலர் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி. ஆம், இந்நோய்க்கு மருத்துவர்கள் எழுதித்தரும் கணைய நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவதே. அதை அறிந்ததும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டு, கடையில் விற்கும் செரிமான சிரப்பை வாங்கிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த சிரப்புகளில் பெரும்பாலும் இருப்பது மாவுச்சத்தைச் செரிக்கும் டயஸ்டேஸும் புரதத்துக்கான பெப்சினும்தான். கொழுப்புக்கு அவை உதவா. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் பற்றி அல்பகரா 173-ஆம் வசனம் தரும் சலுகையை, இணையான மாற்று இல்லாத மருந்துக்கும் உலமாக்கள் பலர் பொருத்திச் சொல்கின்றனர். நாங்கள் ஃபத்வா கொடுக்கும் இடத்தில் இல்லை. மருத்துவரிடம் "இதற்கு மாற்று உண்டா?" என்று கேட்டு, அந்தப் பதிலோடு உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் செல்லுங்கள். அதுவரை மருந்தை நிறுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்துப் போனால் அது பித்தக் குழாய் அடைப்பு. நடுவயதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரையும், காரணமில்லாத எடைக் குறைவும் சேர்ந்து வந்தாலும் தாமதிக்கலாகாது. தாம்பரத்தில் ரயிலேறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை; பழைய ஸ்கேன், சீட்டுகளை எடுத்துக்கொண்டு காலையிலேயே செல்ல வேண்டும். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் அலுவலகத்தில் முந்தின நாளே சொன்னால் ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.