பச்சைத் திரை இல்லாமல் பின்னணியை நீக்குதல்: விரல்கள் மறைந்த ஒரு பாடம்

ஆறாம் வகுப்பில் பல்லவர் பாடத்திற்காக ஏழு நிமிடக் காணொலி ஒன்றை எடுத்தேன். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் முன் நின்று பேசினால் நன்றாக இருக்கும். ஆனால், கடற்காற்றின் இரைச்சலில் பேச்சு தெளிவாகப் பதியாது. எனவே, வகுப்பறைச் சுவரின் முன் நின்று கைபேசியில் பதிவு செய்து, பின்னணியில் கோயில் படத்தைச் சேர்த்தேன். காணொலியைப் பார்த்த மாணவி ஒருத்தி, "டீச்சர், உங்க விரலெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். கையில் பிடித்திருந்த களிமண் ரதமும் காணாமல் போயிருந்தது.

செய்முறை

ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளையும், அதனுடன் தனியாக நிறுவ வேண்டிய Background Removal என்ற இணைப்பையும் பயன்படுத்தினேன். பதிவான காணொலியை Media Source ஆகவும், கோயில் படத்தை Image ஆகவும் சேர்க்க வேண்டும். பட்டியலில் படம் காணொலிக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு காணொலியின் Filters பகுதியில் Background Removal என்பதைச் சேர்த்தால் சுவர் மறைந்துவிடும்.

விரல் ஏன் மறைகிறது?

பச்சைத் திரை முறையில் கணினி நிறத்தைப் பார்த்து நீக்குகிறது. இம்முறையிலோ, மனித உருவங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட ஒரு மாதிரி, 'இது ஆள், இது பின்னணி' என்று ஊகிக்கிறது. விரைவுக்காக அது படத்தைச் சுருக்கியே பார்க்கிறது. எடுத்துக்காட்டாக, கூகுளின் மீடியாபைப் தொகுப்பில் கிடைமட்டப் படங்களுக்கான மாதிரி பார்ப்பது 256 × 144 புள்ளிகளை மட்டுமே. நம் காணொலி 1280 × 720 என்றால், மாதிரியின் ஒரு புள்ளி நம் படத்தில் 5 × 5 புள்ளிகள் கொண்ட கட்டமாகும். விரல் இடுக்கும் முடியிழையும் அந்தக் கட்டத்திற்குள் கரைந்துவிடுகின்றன.

ஒவ்வொரு கட்டத்திற்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு கிடைக்கிறது. எந்த மதிப்புக்குக் கீழ் உள்ளதை நீக்குவது என்பதை Threshold தீர்மானிக்கிறது. அதைக் கூட்டினால் விரல்கள் வெட்டுப்படும். குறைத்தால் சுவரின் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். நான் எவ்வளவு மாற்றிப் பார்த்தும் விரல்கள் முழுமையாகத் திரும்பவில்லை. பிழை பதிவிலேயே இருந்தது. மங்கிய டியூப் லைட் வெளிச்சத்தில் கைபேசி ஒவ்வொரு படத்திற்கும் அதிக நேரம் ஒளியை வாங்கியதால், அசையும் கை கலங்கலாகப் பதிந்திருந்தது. கலங்கிய கையை மாதிரியால் கையாக அடையாளம் காண முடியவில்லை.

மறுமுறை ஜன்னலைப் பார்த்து நின்றேன். என் நிழல் சுவரில் விழாதபடி ஐந்தடி முன்னே வந்தேன். சுவர் வெளிர்பச்சை என்பதால் அடர்சிவப்புச் சேலை உடுத்தினேன். கையை மெதுவாக அசைத்தேன். விரல்கள் தெரிந்தன.

ரதம் மட்டும் அப்போதும் வரவில்லை. மாதிரி தேடுவது மனிதரை. கையிலுள்ள பொருள் அதற்குப் பின்னணிதான். எனவே ரதத்தை மேசைமேல் வைத்துத் தனிக் காட்சியாக எடுத்து இடையில் சேர்த்தேன். குச்சி, அட்டை, வரைபடம் எதுவானாலும் இதுவே எளிய வழி.

தலையைச் சுற்றிய வெளிர்கோடு

முடியின் விளிம்பிலுள்ள புள்ளியில் முடியின் கருமையும் சுவரின் வெளிர்பச்சையும் கலந்தே பதிகின்றன. சுவரை நீக்கினாலும் அந்தக் கலப்பு நிறம் போவதில்லை. கோயிலின் கருங்கல் பகுதி என் தலைக்குப் பின் வந்தபோது அது வெள்ளைக் கோடாகத் துருத்தித் தெரிந்தது. Threshold அளவைச் சிறிது கூட்டி விளிம்பை உள்ளே இழுத்தேன். Feather blend silhouette அளவைச் சிறிது கூட்டி அதை மென்மையாக்கினேன். மென்மை மிகுந்தால் உருவத்தைச் சுற்றிப் புகை படிந்ததுபோல் இருக்கும். முழுப் பலன் தந்தது வேறொன்று: படத்தை நகர்த்தி, தலைக்குப் பின்னால் வெளிர்வானம் வருமாறு வைத்தேன். பழைய சுவரும் புதிய பின்னணியும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

விளிம்பு துடித்துக்கொண்டே இருந்தால், Segmentation model பட்டியலில் Robust Video Matting என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். முந்தைய படங்களின் நினைவையும் அது பயன்படுத்துவதால் துடிப்பு குறையும். பழைய கணினி திணறக்கூடும்.

சோதிக்கும் முறை

கோயில் படம் பிழைகளை மறைத்துவிடும். எனவே முதலில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெற்றுப் பின்னணியை வையுங்கள். கையை உயர்த்தும் இடம், தலையைத் திருப்பும் இடம், முந்தானை அசையும் இடம் ஆகிய மூன்றிலும் காணொலியை நிறுத்திப் பாருங்கள். அங்கு விரல் குறைந்தால், அளவுகளைத் திருத்துவதை விட, நல்ல வெளிச்சத்தில் அந்தப் பகுதியை மீண்டும் பதிவு செய்வதே விரைவான வழி.