திரும்பி வந்த பணமும் அதற்கான அறிவிப்பும்

இணையவழியில் அனுப்பிய பணம் பெறுநரைச் சேராமல் திரும்பிவரும்போது வங்கிகள் அனுப்பும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை, நடந்ததைப் பதிவுசெய்யும் நோக்கில் எழுதப்பட்டவையே தவிர, அனுப்பியவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் நோக்கில் எழுதப்பட்டவை அல்ல. அத்தகைய அறிவிப்பைத் திருத்தி எழுத முற்படுவோர் மொழிநடையைச் செம்மைப்படுத்துவதோடு நின்றுவிட்டால், வாசகர் அதே தவற்றை மறுபடியும் செய்வதை அது தடுக்காது. நெஃப்ட் எனப்படும் தேசிய மின்னணு நிதிப் பரிமாற்ற முறையில் அனுப்பப்பட்டு, கணக்கு எண் பிழையால் திரும்பிய தொகை பற்றிய அறிவிப்பு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். வழக்கமான வடிவில் அது இவ்வாறு அமையும்:

“தங்களது 14.07.2025 தேதியிட்ட நெஃப்ட் பரிவர்த்தனை தவிர்க்கவியலாத காரணங்களால் தோல்வியுற்று, தொகை திருப்பப்பட்டது. சிரமத்திற்கு வருந்துகிறோம். தயவுசெய்து மீண்டும் முயலவும்.”

இதில் மிகுந்த தீங்கு விளைவிப்பது பணிவாகத் தோன்றும் கடைசி வாக்கியம்தான். முதல்முறை பயன்படுத்திய பெறுநர் விவரம் வாடிக்கையாளரின் செயலியில் சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால், அவர் மீண்டும் முயலும்போது அதே பிழையான எண்ணுக்கே பணம் செல்கிறது. சில மணி நேரம் கழித்து அதுவும் திரும்பிவருகிறது. வாடகைக்கோ கல்விக் கட்டணத்திற்கோ குறித்த கெடு அதற்குள் கடந்துவிடவும் கூடும்.

இவ்வகைப் பிழை எங்கே தோன்றுகிறது என்பதை அறிந்தால்தான் அறிவிப்பில் எதை எழுதுவது என்பது தெளிவாகும். சில வங்கிகளின் கணக்கு எண்கள் பூச்சியத்தில் தொடங்குபவை. அத்தகைய எண்ணைக் கணினியின் விரிதாளில் உள்ளிட்டால், மென்பொருள் அதை வெறும் எண்ணாகக் கருதி முன்னிருக்கும் பூச்சியங்களை நீக்கிவிடுகிறது. அந்த விரிதாளிலிருந்து எண்ணை எடுத்துக் குறுஞ்செய்தியில் அனுப்புபவரும் அதை நகலெடுத்து ஒட்டுபவரும் இலக்கங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. பெறுநரின் வங்கியில் அப்படியொரு கணக்கு இல்லாததால் தொகை திரும்புகிறது. நெஃப்ட் முறையில் பெறுநர் கணக்கில் வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டும் நம்பியே நடக்கிறது. பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கட்டாயம் இல்லை. எனவே ஓர் இலக்கம் மாறி, மாறிய எண் வேறொருவருடைய கணக்காக அமைந்துவிட்டால், தொகை திரும்பாமல் அவரிடமே போய்ச் சேர்ந்துவிடும். திரும்பி வந்த பணம், உண்மையில், தப்பிப் பிழைத்த பணமாகும்.

திருத்தப்பட்ட அறிவிப்பின் முதல் வாக்கியம் பணம் இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் வாசிப்பவரின் முதல் கேள்வி அதுவே. வருத்தம் தெரிவிக்கும் வாக்கியத்திற்கு இடம் இருந்தால் கடைசியில் வைக்கலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை. மேற்கண்ட அறிவிப்பைப் பின்வருமாறு மாற்றி எழுதலாம்:

“நீங்கள் ஜூலை 14 அன்று காலை 10.20 மணிக்கு நெஃப்ட் வழியாக அனுப்பிய ரூ. 42,500 பெறுநருக்குச் சேரவில்லை. முழுத் தொகையும் அன்றே பகல் 12.05 மணிக்கு உங்கள் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட்டுவிட்டது. நீங்கள் தந்த, 4471 என முடியும் கணக்கு எண் பெறுநரின் வங்கியில் இல்லை என்பதே காரணம். சேமித்துள்ள பெறுநர் விவரத்தைக் கொண்டு மீண்டும் அனுப்ப வேண்டாம், அதை நீக்கிவிடுங்கள். பெறுநரின் காசோலைத் தாளிலோ கணக்குப் புத்தகத்திலோ உள்ள எண்ணை, முன்னிருக்கும் பூச்சியங்கள் உட்பட, பார்த்துப் புதிதாகச் சேருங்கள். திரையில் தோன்றும் பெயர் அவருடையதுதான் என்று உறுதிசெய்த பின்னரே அனுப்புங்கள்.”

இதில் பெயரைச் சரிபார்க்கும்படி சொல்லும் கடைசி வாக்கியம் அண்மைக்காலத்தில்தான் சாத்தியமாயிற்று. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் ஆகிய முறைகளில் பணம் அனுப்புமுன் பெறுநரின் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வழங்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கணக்கு எண்ணையும், வங்கிக் கிளையைக் குறிக்கும் பதினோரு எழுத்துகள் கொண்ட ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் உள்ளிட்டதும் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் திரையில் தோன்றும். பழைய அறிவிப்பு வார்ப்புகளை அப்படியே வைத்திருக்கும் அலுவலகங்களில் இந்த வரி இடம்பெறாமல் போவது வியப்பன்று. புதிதாகச் சேர்த்த பெறுநருக்குச் சில மணி நேரம் வரை குறைந்த தொகையையே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாட்டைப் பல வங்கிகள் வைத்திருக்கின்றன. அறிவிப்பை அனுப்பும் வங்கியிலும் அது இருக்குமாயின், அதன் வரம்பையும் நேரத்தையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிட வேண்டும்.

அறிவிப்பை எப்போது அனுப்புவது என்பதும் அதன் சொற்களைப் போலவே முக்கியமானது. நெஃப்ட் முறை அரைமணி நேரத்திற்கு ஒரு தொகுதி என்ற கணக்கில் இயங்குகிறது. வரவு வைக்க முடியாத தொகையை, அந்தத் தொகுதியின் தீர்வு முடிந்த இரண்டு மணி நேரத்திற்குள் பெறுநரின் வங்கி திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே 10.30 மணித் தொகுதியில் சென்ற தொகை நண்பகலை ஒட்டித் திரும்புவது இயல்பு. தாமதமானால் வட்டி தர வேண்டிய பொறுப்பு வங்கியுடையது. தொகை திரும்ப வரவான பதிவு கணக்கில் ஏறுவதற்கு முன்பே அறிவிப்பை அனுப்பிவிட்டால், ‘வந்துவிட்டது’ என்ற சொல்லை நம்பி வாடிக்கையாளர் மீண்டும் அனுப்ப முயல்வார். இருப்பு போதாமல் அதுவும் நிராகரிக்கப்படும்.

யுபிஐ முறையில் இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையாகத் தேவைப்படுகிறது. அங்கே அனுப்பியவர் கணக்கில் பற்று வைக்கப்பட்டு, பெறுநர் கணக்கில் வரவானதா இல்லையா என்பது உறுதியாகாத ‘நிலுவை’ என்றொரு நிலை உண்டு. அது சில சமயம் வெற்றியாகவே முடியும். அந்நிலையில் மீண்டும் அனுப்பச் சொல்வது ஒரே கடனை இருமுறை செலுத்தச் சொல்வதற்கு ஒப்பாகும். தனிநபர்களுக்கிடையிலான யுபிஐ பரிமாற்றத்தில் பற்று வைத்தும் வரவாகாத தொகையை மறுநாளுக்குள் திருப்ப வேண்டும் என்றும், தவறினால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. எனவே நிலுவைக்கான அறிவிப்பு, ‘காத்திருங்கள், இப்போது மீண்டும் அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லும் தனி அறிவிப்பாகவே இருக்க வேண்டும். திரும்பிய பணத்திற்கான வார்ப்பில் சில சொற்களை மாற்றி அதைத் தயாரிக்கக் கூடாது.

மோசடிக்காரர்கள் இவ்வகை அறிவிப்புகளைப் போலச் செய்து அனுப்புவதால், சொடுக்க வேண்டிய இணைப்பு எதையும் இதில் தராதிருப்பது நல்லது. திரும்பிய பணத்தைப் பெற ரகசிய எண் எதையும் உள்ளிட வேண்டியதில்லை என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

கடைசியாக வர வேண்டியது யுடிஆர் எண். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தரப்படும் தனி அடையாளமான இது நெஃப்ட் முறையில் பதினாறு எழுத்துகளும் எண்களும் கொண்டது. கெடுவுக்குள் பணம் அனுப்ப முயன்றதை வீட்டு உரிமையாளரிடமோ கல்லூரி அலுவலகத்திடமோ காட்ட வாடிக்கையாளரிடம் இருக்கும் சான்று இதுவே. அறிவிப்பில் சொன்ன தொகை கணக்கில் தென்படாவிட்டால் இந்த எண்ணைக் குறிப்பிட்டு வங்கியில் எழுத்து மூலம் புகார் செய்யலாம். முப்பது நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.