நாள்தோறும் சவரம் செய்வோர்க்கு எழும் கொப்புளங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களிலிருந்து வருவோருள் சிலர், தாடைக்குக் கீழும் கழுத்திலும் எழும் சிவந்த சிறு கொப்புளங்களை எங்களிடம் காட்டுகின்றனர். நாள்தோறும் முகம் மழிக்க வேண்டிய பணியில் இருப்போரே இவர்களுள் மிகுதி. இவற்றைச் சூட்டுக் கொப்புளம் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் பெரும்பாலும் காரணம் வெயிலன்று. உள்நோக்கி வளைந்த மயிரே.

ஒட்ட மழிக்கும்போது மயிரின் நுனி கூராகிறது. தோலை இழுத்துப் பிடித்து மழித்தால் அந்நுனி தோல் மட்டத்திற்குக் கீழே சென்றுவிடுகிறது. சுருண்ட மயிர் மீண்டும் வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்துகிறது. உடல் அதனை அயற்பொருளாகக் கொள்வதால் அவ்விடம் வீங்கிச் சிவக்கிறது. ஆகவே எவ்வளவு வழவழப்பாக மழிக்கிறோமோ அவ்வளவு தொல்லையும் கூடும்.

நூற்பாலையொன்றில் காவல் பணி புரியும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பல அலகுகள் கொண்ட ரேசரால் கீழிருந்து மேலாக மழித்து, பின் படிகாரம் தேய்க்கிறார். அவர் முதலில் செய்யவேண்டியது, நான்கு வாரம் சவரத்தை நிறுத்துவது. முதல் வாரத்தில் கொப்புளங்கள் சற்றுக் கூடினாலும் அஞ்ச வேண்டியதில்லை. மயிர் நீள நீளத் தானே வெளிவரும். அதனைப் பிடுங்கலாகாது. தாடி வளர்க்கப் பணியிடம் இசையாவிடில், டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டுக் கத்தரிக்கலாம். மேலதிகாரிக்குக் காட்ட மருத்துவரிடம் சான்றும் கேட்கலாம்.

புண் ஆறியபின் ஒற்றை அலகு ரேசரே போதும். உப்புத் தண்ணீரில் சோப்பு நன்கு நுரைக்காது. எனவே சவரத்திற்கு மட்டும் ஒரு குவளை குடிநீரை வெதுவெதுப்பாக்கிக்கொள்க. நுரையைப் பூசி இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுக. கழுத்து மயிர் எத்திசையில் சாய்ந்துள்ளது என விரலால் தடவி அறிந்து, தோலை இழுக்காமல் அத்திசையிலேயே மழிக்க வேண்டும். ஒரே இடத்தில் இருமுறைக்கு மேல் ஓட்டலாகாது. பின்னர்க் குளிர்ந்த ஈரத்துணியை ஐந்து நிமிடம் ஒற்றி, மணமற்ற ஈரப்பசைக் களிம்பு பூசுக. எரிச்சலுள்ள தோலில் படிகாரம் வேண்டா.

மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு சில நாள் சிவப்பை அடக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நிறுத்தியவுடன் முன்னிலும் சிவந்து எரியும். பழைய களிம்புக் குழாயையும் மருத்துவரிடம் கொண்டு வருக.

சீழ் கட்டுதல், பரவும் வலி, காய்ச்சல் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். வட்டமாக விரிந்து செதிலுடன் அரிப்பது படர்தாமரையாக இருக்கலாம். இவை தோன்றினால் காலந்தாழ்த்தாமல் வருக. நீரிழிவு உடையோர் சிறு சீழ்க்கொப்புளத்திற்கும் வரவேண்டும். முடிதிருத்தகத்தில் மழிப்போர், தம் கண்முன்னே புதிய பிளேடு மாற்றப்படுவதை உறுதிசெய்துகொள்க.