குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை தாய்ப்பாலில் இருப்பது ஏன்?

அமிர்தி, ஜவ்வாது மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்தும், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய நகரங்களிலிருந்தும் வரும் தாய்மார்களும் பாட்டிமார்களும் பேறுகாலப் பிரிவில் அடிக்கடி எழுப்பும் கேள்விகள் இரண்டு. ‘பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கலாமா?’ என்பது ஒன்று. ‘தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை மஞ்சளாகவும் இளகலாகவும் பலமுறை மலம் கழிக்கிறதே, இது வயிற்றுப்போக்கா?’ என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை குழந்தையின் பெருங்குடலில் இருக்கிறது.

தாய்ப்பாலில் மிகுதியாக இருக்கும் திடப்பொருள் லாக்டோஸ் எனப்படும் பாற்சர்க்கரை. அடுத்தது கொழுப்பு. இவ்விரண்டும் குழந்தைக்கு உணவாகின்றன. இவற்றோடு மூன்றாவதாக, கூட்டுச்சர்க்கரைகள் என்றொரு தொகுதியும் உண்டு. சிறிய சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டு உருவான இவற்றில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒரு லிட்டர் முதிர்ந்த தாய்ப்பாலில் இவை 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பாலில் இவற்றின் அளவு இன்னும் அதிகம். பசும்பாலிலோ இவை மிகச் சொற்பம்.

இந்தச் சங்கிலிகளை உடைக்கும் நொதிகள் குழந்தையின் குடலில் இல்லை. ஒரு மாதக் குழந்தை நாளொன்றுக்கு 700 மி.லி. பால் குடிப்பதாகவும், லிட்டருக்கு 10 கிராம் கூட்டுச்சர்க்கரை இருப்பதாகவும் கொள்வோம். அப்படியானால் ஏறத்தாழ 7 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி அளவு சர்க்கரை, சிறுகுடலில் செரிக்காமல் கடந்து பெருங்குடலை அடைகிறது. தாயின் உடல் இவ்வளவு உழைத்து உருவாக்கும் பொருள் வீணாகிறதா? இல்லை. அது அங்கே குடியேறும் நுண்ணுயிர்களுக்கான உணவு.

முதல் நாள் முதல் மூன்றாம் ஆண்டு வரை

பிறக்கும்போது குழந்தையின் குடலில் சிறிதளவு ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே ஆக்சிஜன் இருந்தாலும் வாழக்கூடிய ஈ.கோலை போன்ற நுண்ணுயிர்கள் முதலில் குடியேறி அதைத் தீர்த்துவிடுகின்றன. அதன் பிறகே ஆக்சிஜனை விரும்பாத பிஃபிடோபாக்டீரியம் இனங்கள் பெருகத் தொடங்குகின்றன. இவற்றைப் பாரிஸ் நகரில் ஹென்றி டிசியே என்னும் மருத்துவ ஆய்வாளர் 1899ஆம் ஆண்டில், தாய்ப்பால் குடித்த குழந்தையின் மலத்திலேயே முதலில் கண்டார்.

இவ்வினங்களுள் ‘இன்ஃபான்டிஸ்’ எனப்படும் வகை தனித்தன்மை வாய்ந்தது. பிற நுண்ணுயிர்கள் பல, கூட்டுச்சர்க்கரையைத் தமக்கு வெளியே உடைத்து உண்பதால், சிதறும் துண்டுகளை மற்றவையும் பங்கிட்டுக்கொள்கின்றன. இதுவோ சங்கிலியை முழுதாகத் தன்னுள் இழுத்துக்கொண்டு உள்ளேயே உடைக்கிறது. தீய கிருமிகளுக்கு மிச்சம் ஏதும் கிடைப்பதில்லை. உண்டபின் இது அசிட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. அதனால் பெருங்குடல் புளிப்புத்தன்மை அடைகிறது. அந்தப் புளிப்பில் நோய் விளைக்கும் பல கிருமிகள் பெருக இயலாது.

ஆறு மாதம் நிறைந்து கூழும் பருப்புசாதமும் ஊட்டத் தொடங்கியதும், அவற்றின் நார்ப்பொருளை உண்ணும் புதிய இனங்கள் வந்து சேர்கின்றன. எனினும் தாய்ப்பால் தொடரும்வரை பிஃபிடோ இனங்கள் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. தாய்ப்பால் நிற்கும்போதுதான் பெரிய மாற்றம் நிகழ்கிறது. ஏறத்தாழ மூன்று வயதில் குழந்தையின் குடல் நுண்ணுயிர்த் தொகுதி பெரியவர்களுடையதை ஒத்துவிடுகிறது.

சேனை வைத்தால் என்ன ஆகும்?

சேனைக்குப் பயன்படும் சர்க்கரைத் தண்ணீர் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும்; பெருங்குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு அது போய்ச் சேராது. மாறாக, சிறிய வயிறு அதனால் நிரம்புவதால் குழந்தை உறிஞ்சிக் குடிப்பது குறைகிறது. சீம்பாலும் அதற்கேற்பக் குறைவாகவே உட்செல்கிறது. தொட்டு வைக்கும் விரலும் கலக்கும் நீரும் கிருமிகளைக் கொண்டு சேர்க்கின்றன. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயை உண்டாக்க வல்லவை. உறவினரின் நற்குணம் குழந்தைக்கு வரவேண்டும் என்ற அன்பினால் செய்யப்படும் வழக்கம் இது. அந்தப் பெரியவர் குழந்தையை மடியில் ஏந்தி வாழ்த்துவதே போதுமானது.

அறுவை சிகிச்சையால் பிறந்த குழந்தைக்கும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெற்ற குழந்தைக்கும் நல்ல இனங்கள் குடியேறத் தாமதமாகலாம். அதற்காக மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலைத் தொடர்வதே அத்தாமதத்தைக் குறைக்கும் வழி. பணிக்குத் திரும்பும் தாய்மார்கள் பாலைக் கறந்து, சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்துவிட்டுச் செல்லலாம். குளிர்ச்சியான அறையில் நான்கு மணி நேரமும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாளும் இருக்கலாம். குளிரூட்டுவதால் கூட்டுச்சர்க்கரை கெடுவதில்லை. வீட்டிலிருப்போர் அதைப் பாலாடையால் புகட்டலாம்.

ஆய்வுகள் சொல்வது

வேலூர்க் குழந்தைகள் இருபது பேரின் மலத்தைத் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. வயதுக்கேற்ற உயரம் பெற்ற பத்துக் குழந்தைகளிடம், வளர்ச்சி குன்றிய பத்துப் பேரைவிட பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்னும் இனத்தொகுதி மிகுந்திருந்தது. இன்ஃபான்டிஸ் இதன் உறவினமே. எனினும் இருபது பேரைக் கொண்டு, நுண்ணுயிர் குறைந்ததால் வளர்ச்சி குன்றியதா, வளர்ச்சி குன்றியதால் நுண்ணுயிர் குறைந்ததா என்று தீர்மானிக்க முடியாது.

இதைவிட உறுதியான சான்று ஒடிசாவிலிருந்து 2017இல் வந்தது. அங்கே 149 சிற்றூர்களில், தாய்ப்பால் குடித்துவந்த 4,556 பச்சிளங் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு ஒரு லாக்டோபாசில்லஸ் நுண்ணுயிரையும் அதற்கு உணவாகும் தாவரச் சர்க்கரையையும் ஏழு நாட்கள் வாய்வழியே கொடுத்தனர். மற்றப் பிரிவுக்கு மருந்தில்லாத பொடி தரப்பட்டது. இரண்டு மாதக் கண்காணிப்பில், இரத்தத்தில் கிருமி பரவும் நோயோ இறப்போ நேர்ந்தவர்கள் பொடி பெற்றவரில் நூற்றுக்கு 9 பேர். நுண்ணுயிர் பெற்றவரில் 5.4 பேர். நல்ல நுண்ணுயிரும் அதற்குரிய உணவும் சேர்ந்து உயிர் காக்கக்கூடும் என்பதை இது காட்டியது. ஆனால் அவர்கள் தந்தது குறிப்பிட்ட ஒரே வகை நுண்ணுயிர். பெற்றவை 2 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைகள். ஆகவே கடையில் விற்கும் ஏதோவொரு புரோபயாட்டிக்கை, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைக்கு, மருத்துவரைக் கேளாமல் தருதல் கூடாது.

மலத்தைப் பார்த்து அறிதல்

தாய்ப்பால் மட்டும் பெறும் குழந்தையின் மலம் மஞ்சளாகவும், இளகலாகவும், சிறு துகள்களோடும், இலேசான புளிப்பு வாசனையோடும் இருக்கும். அந்தப் புளிப்பு மேலே கூறிய அமிலங்களால் ஆனது. நாளுக்குப் பலமுறை கழிப்பதும், ஆறு வாரங்களுக்குப் பின் சில நாட்களுக்கு ஒருமுறை மட்டும் கழிப்பதும், எடை கூடிவந்தால் இயல்பானவையே. இவற்றுக்காகத் தாய்ப்பாலை நிறுத்தவோ, உரைமருந்து புகட்டவோ வேண்டாம்.

மலம் வெறும் நீராக அடிக்கடி போனாலும், இரத்தம் கலந்திருந்தாலும், வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தாலும், காய்ச்சல் கண்டாலும், குழந்தை பால் உறிஞ்ச மறுத்தாலும், முதல் வாரத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலும் தாமதியாமல் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுவருக. மலையூர்களில் இருப்போர் விடியும்வரை காத்திராமல் 108 ஊர்தியை அழைக்கவும். வரும் வழியிலும், குழந்தை குடிக்கும் நிலையிலிருந்தால், தாய்ப்பால் கொடுத்தவாறே வரவும்.